விடை சரி, வழி பிழை

டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் என்னிடம் கணக்குப் படிக்க வருவார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் எல்லையைக் கொண்டு x²-ஐ வகையிட வேண்டும். அண்மையில் ஒரு பையன் (2xh + h²)/h வரை ஒழுங்காக வந்துவிட்டு, முதல் உறுப்பின் h-ஐ மட்டும் கீழேயுள்ள h-உடன் வெட்டி 2x + h² என்று எழுதியிருந்தான். h பூச்சியத்தை நெருங்க, விடை 2x.

“விடை சரிதானே, அங்கிள்?”

x = 1, h = 2 என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். பழைய கோவையில் 4, அவனுடையதில் 6. (h = 1 போட்டிருந்தால் இரண்டிலும் 3 வந்து கள்ளம் மறைந்திருக்கும்.) கீழே உள்ள h, மேலே இருக்கும் இரண்டு உறுப்புகளையும் வகுக்கிறது; வரவேண்டியது 2x + h. மிஞ்சுவது h ஆனாலும் h² ஆனாலும் கடைசியில் பூச்சியத்துக்குத்தான் போகும். அதனால்தான் பிழை வெளியே தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் எடுத்த சேர் இந்த வகைப் பிழைக்கென்றே பொறி வைப்பார். முதலில் √(x² + 6) − x. x முடிவிலிக்குப் போகிறது. முடிவிலியில் முடிவிலி போனால் பூச்சியம் என்று வகுப்பே சொல்லும். விடை பூச்சியம்தான். சேர் ஒன்றும் பேசமாட்டார். அடுத்து √(x² + 6x) − x என்று எழுதுவார். அதே குரலில் மறுபடியும் பூச்சியம்.

“சரி, 100 போடுங்கோ.”

√10600 ஏறத்தாழ 102.956. கழித்தால் 2.956. 1000 போட்டால் 2.9955. வகுப்பு அடங்கிவிடும்.

கெட்டிக்காரர் சிலர் வேறு நியாயம் வைத்திருப்பார்கள்: x² பெரிது, அதற்குப் பக்கத்தில் 6x தூசு, விட்டுவிடலாம். x²-உடன் ஒப்பிட்டால் தூசுதான். ஆனால் x²-இலிருந்து வரும் x-ஐத்தான் கழித்துவிடுகிறோமே! மிஞ்சுவது அந்தத் தூசு தந்ததுதான். இணையான √(x² + 6x) + x-ஆல் மேலும் கீழும் பெருக்கினால் 6x/(√(x² + 6x) + x). மேலும் கீழும் x-ஆல் வகுத்தால் 6/(√(1 + 6/x) + 1). இதன் எல்லை 3. முதல் கணக்கில் மேலே வெறும் 6 மட்டும் நின்றதால் பூச்சியம் வந்தது. முடிவிலியை எண்ணாக நினைத்துக் கழித்தால் இரண்டு கணக்கும் ஒன்றாகத்தான் தெரியும்.

மூன்றாவதைச் சேர் மணி அடிக்கும் நேரத்தில் தருவார்: √(x² + 6x) + x, x மறை முடிவிலிக்குப் போகும்போது. அங்கே √x² என்பது x அல்ல, −x. முன்போலவே இணையால் பெருக்கிவிட்டு, அதைக் கவனியாமல் x-ஐ வெட்டினால் கீழே பூச்சியம் வந்து நிற்கும். கவனித்தால் விடை −3. −100 போட்டால் −3.046 வருகிறது. சாட்ஸ்வர்த் பையனுக்கும் அதையே வீட்டுக் கணக்காகக் கொடுத்தனுப்பினேன். பாடத்திட்டத்தில் இல்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு போனான்.