தினசரி இருப்பு டேபிளும் பழைய தேதி என்ட்ரியும்

நான் பராமரிக்கும் சரக்கு இருப்பு மென்பொருளில் முதலில் பரிவர்த்தனை டேபிள் மட்டும்தான் இருந்தது. சரக்கு வந்தால் கூட்டல் அளவில் ஒரு வரி, போனால் கழித்தல் அளவில் ஒரு வரி. எந்தத் தேதியின் இருப்பு வேண்டுமோ, அதுவரை உள்ள வரிகளைக் கூட்டினால் போதும். விடை எப்போதும் சரியாக வரும். ஆனால் வருடங்கள் சேரச் சேர, ஒரு மாதத்தின் தினசரி இருப்பைக் காட்டும் ரிப்போர்ட் திறக்கவே நெடுநேரம் ஆனது. அதனால் தினமும் இரவில் ஓடி, பொருள், கிடங்கு வாரியாக அன்றைய இருப்பை ஸ்னாப்ஷாட் என்ற தனி டேபிளில் எழுதிவைக்கும் ஜாப் ஒன்று வந்தது. ரிப்போர்ட் உடனே திறந்தது. கொஞ்ச நாளில் கணக்குப் பிரிவிலிருந்து கேள்வியும் வந்தது: ஒரே பொருளுக்கு இரண்டு திரைகளில் ஏன் இரண்டு இருப்பு?

ஒரு பொருளை எடுத்து நாள்வாரியாகப் பார்த்தோம். 1ஆம் தேதி இருப்பு 100. 3ஆம் தேதி 30 வெளியே போனது, ஸ்னாப்ஷாட்டில் 70. இதற்கிடையே 2ஆம் தேதியே 40 வந்து இறங்கியிருக்கிறது. ஆனால் அதற்கான வரவை 6ஆம் தேதிதான் கணினியில் ஏற்றினார்கள், 2ஆம் தேதி போட்டு. அன்றிரவு ஜாப் என்ன செய்தது? நேற்றைய ஸ்னாப்ஷாட்டை எடுத்து, 6ஆம் தேதியிட்ட பரிவர்த்தனைகளை மட்டும் அதில் கூட்டியது. 40 அதன் கண்ணில் படவே இல்லை. பரிவர்த்தனைகளைக் கூட்டினால் 110, ஸ்னாப்ஷாட்டில் 70. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் மேல் கட்டப்படுவதால், இந்த 40 வித்தியாசம் தானாக ஒருநாளும் சரியாகாது.

ஏற்றிய நேரத்தை வைத்துக் கூட்டலாமே என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் செய்தால் 6ஆம் தேதி முதல் இருப்பு 110 ஆகிவிடும், உண்மைதான். ஆனால் 3ஆம் தேதிக்கு 70 என்றே நிற்கும். அன்று கிடங்கில் உண்மையில் இருந்தது 110. இரண்டுமே நியாயமான கேள்விகள்: அன்று கிடங்கில் எவ்வளவு இருந்தது, அன்று நாம் எவ்வளவு என்று சொன்னோம். ஆடிட்டர் வந்தால் இரண்டையுமே கேட்பார். ஸ்னாப்ஷாட்டின் ஒரு எண் இதில் ஒன்றுக்குத்தான் பதில் சொல்லும். பரிவர்த்தனை டேபிளில் சரக்கு நகர்ந்த தேதியான `txn_date`, கணினியில் ஏற்றிய நேரமான `created_at` இரண்டும் இருந்தால் இரண்டு கேள்விகளுக்கும் பதில் உண்டு:

```sql
SELECT item_id, wh_id, SUM(qty)
FROM stock_txn
WHERE txn_date <= :as_of
  AND created_at <= :known_at
GROUP BY item_id, wh_id;
```

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏற்றிய வரியை யாரும் திருத்தவோ அழிக்கவோ கூடாது. தவறு இருந்தால் எதிர்ப்பதிவு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் பழைய நிலையை மீட்க வழியே இல்லை.

ஆக, பரிவர்த்தனைதான் மூலம், ஸ்னாப்ஷாட் எப்போது வேண்டுமானாலும் அழித்துத் திரும்பக் கட்டக்கூடிய நகல் என்று முடிவு செய்து ஜாபை மாற்றினோம். போன ஓட்டத்துக்குப் பிறகு ஏறிய வரிகளை எடுத்து, ஒவ்வொரு பொருள், கிடங்குக்கும் அவற்றில் மிகப் பழைய `txn_date` எது என்று பார்க்கும். அந்தத் தேதியிலிருந்து இன்றுவரையுள்ள ஸ்னாப்ஷாட்டை அழித்து மறுபடி கட்டும். மேலே சொன்ன பொருளுக்கு 2 முதல் 6 வரை ஐந்து நாட்கள்தான், மற்ற பொருட்களைத் தொடாது. ஏதோ ஒரு இரவு ஜாப் ஓடாமல் போனாலும் அடுத்த ஓட்டம் விட்டதைப் பிடித்துவிடும்.

நள்ளிரவு எல்லையில் மட்டும் ஒரு சிக்கல். 11:58க்கு `created_at` பதிந்த வரி, 12:03க்குத்தான் கமிட் ஆகிறது. 12:00க்கு ஓடும் ஜாபுக்கு அது தெரியாது. அடுத்த நாள் ஜாப் 12:00க்குப் பிந்தியதை மட்டும் தேடுவதால் அப்போதும் விட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் பின்னால் போய்ப் படிக்கிறோம். அழித்துக் கட்டுவதால், ஒரே வரியை இருமுறை பார்த்தாலும் இருப்பு மாறாது.

இடப் பிரச்சினையும் உண்டு. 20,000 பொருள், 10 கிடங்கு என்றால் வருடத்துக்கு 7.3 கோடி வரிகள். பெரும்பாலானவை அசையாத சரக்கின் அதே எண்கள். அதனால் சமீபத்திய மாதங்களுக்கு மட்டும் தினசரி வைத்துக்கொண்டு, பழையதற்கு மாதக் கடைசி இருப்பை மட்டும் வைத்தோம். நடு மாதத் தேதி கேட்டால், முந்தைய மாத முடிவோடு சில நாள் பரிவர்த்தனைகளைக் கூட்டினால் போதும், அது நொடியில் வந்துவிடுகிறது. தினசரி சராசரி இருப்பு கேட்காத இடங்களில் இந்த மாத டேபிளே போதும் என்பது என் கருத்து.

கணக்கு மூடிய மாதத்துக்குப் பழைய தேதி என்ட்ரியையே அனுமதிப்பதில்லை. திறந்திருக்கும் மாதத்தின் தேதியில்தான் போட வேண்டும். அப்புறம், ஜாப் முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டின் கடைசி இருப்பையும் பரிவர்த்தனைக் கூட்டலையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாதவற்றை மட்டும் தரும் குவெரி ஒன்று ஓடுகிறது. அதில் ஒரு வரி வந்தாலும் அந்தப் பொருளின் ஸ்னாப்ஷாட்டை முழுவதுமாகத் திரும்பக் கட்டிவிட்டு, யாராவது பழைய வரியை நேரடியாகத் திருத்தியிருக்கிறார்களா என்பதைத்தான் முதலில் தேடுகிறோம்.