கோர்வைத் தறியைப் படமாக்கும்போது: விஸ்காம் இறுதியாண்டு மாணவர்களுக்கு

இறுதியாண்டு ஆவணப்படத்துக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு கோர்வை நெசவாளரை எடுத்தேன். வைவாவில் தேர்வாளர் முதலில் கேட்டது: "இந்தச் சத்தம் இந்த ஷாட்டுக்கு உரியதா?"

கோர்வை என்பது உடலும் கரையும் வேறு நிறமாக வரும் சேலை. குழித்தறியில் ஒரு வரிசை ஊடைக்கு, அதாவது குறுக்கு நூலுக்கு, அந்த நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும்: இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, உடலுக்கு ஒன்று. ஒரு பக்கக் கரை நாடாவைப் போட உதவியாள் உட்கார்ந்திருப்பார். உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்ட பிறகுதான், ஊடையை நெருக்கும் சீப்பு போன்ற பண்ணை அடிக்கும். அதனால் சாதாரணத் தறியின் சீரான "டக்-டக்" இதில் இருக்காது. நாடா போகும் சின்ன ஒலிகள், ஒரு நிறுத்தம், பிறகு அடி. வேறு தறியின் சத்தத்தை இந்தப் படத்தின்மேல் ஒட்டினால் நெசவுத் தெரு ஆள் ஒருவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஆகவே முதலில் ஒலியை எடுங்கள். கேமராவை மறந்து, ரெக்கார்டரைப் பண்ணைக்கு ஓரமாக வைத்து ஐந்து நிமிடம் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். அடி விழும்போது அளவு திடீரென எகிறும். உச்சம் -12 டெசிபலைத் தாண்டாமல் கெயினைக் குறைத்து வையுங்கள். பேட்டிக்கு வைத்த கெயினில் தறியை எடுத்தால் அடிகள் மட்டும் கிழிந்து கேட்கும், அதை எடிட்டில் சரிசெய்வது பெரும்பாடு.

பிறகு ஷாட்டுகள். வைடில் இரண்டு பேரும், அடுத்து உதவியாளின் கை, நூல் கோக்கும் இடம், மிதியில் கால், பண்ணை அடி. ஒவ்வொன்றிலும் பல வரிசைகள் முழுதாக ஓடட்டும். பண்ணை அடியில்தான் வெட்டுவீர்கள். ஸ்லோமோஷன் ஆசை வரும். அதற்கு உரிய ஒலி கிடையாது என்பதால் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். ட்யூப்லைட் வீட்டில் 25 பிரேமில் ஷட்டர் 1/50 வைத்தால் மினுக்கல் வராது.

பேட்டியைத் தறி ஓடும்போது எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுத் தறிகளும் நிற்கும் சாப்பாட்டு நேரம் நல்லது. மின்விசிறியை நிறுத்தி, பேசி முடித்ததும் யாரும் பேசாத அறையொலி ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுகளை மூட அதுதான் உதவும்.

"எத்தனை வருஷமா நெய்யறீங்க ஐயா?" என்றால் ஓர் எண்தான் வரும். "கோர்வை நூல் ஒண்ணு விட்டுப்போச்சுன்னா எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். பதிலைச் சொல்லவில்லை, துணியின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிக் காட்டினார், பிறகுதான் பேசினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. கேள்வியைப் படத்தில் வைக்கப்போவதில்லை என்றால், "கோர்வை நூல் விட்டுப்போச்சுன்னா..." என்று பதிலைத் தொடங்கச் சொல்லிவிடுங்கள்.

வைவாவுக்குப் போகும்போது ஒலிக்கோப்புகளின் பட்டியலை, எந்த ஷாட்டுக்கு எது என்று குறித்து எடுத்துச் செல்லுங்கள். தேர்வாளர் கேட்டதும் நான் அதைத்தான் நீட்டினேன். அடுத்த கேள்வி லைட்டிங்குக்குப் போய்விட்டது.