வாட்டர் பாத்தில் ஏறிய கொழுப்பு

தொண்ணூறுகளின் கடைசியில் வட இந்தியாவில் ஒரு வனஸ்பதி ஆலையில் ஷிஃப்ட் கெமிஸ்டாக இருந்தேன். இரவு ஷிஃப்டில் என் ராஜ்ஜியம் இரண்டு கருவிகள்தான்: ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், ஸ்லிப் பாயிண்ட் பார்க்க ஒரு வாட்டர் பாத். கன்வெர்ட்டரில் பத்து டன் எண்ணெய் ஹைட்ரஜனைக் குடித்துக் கெட்டியாகிக்கொண்டிருக்கும்போது எங்கே நிறுத்துவது என்பதை இந்த இரண்டும்தான் சொல்லும். இரண்டும் எப்போதும் ஒரே பேச்சுதான் பேசும். ஒரு நாள் மட்டும் பேசவில்லை.

ஸ்லிப் பாயிண்ட் பார்ப்பது எளிய வேலை. இரண்டு பக்கமும் திறந்த மெல்லிய கண்ணாடிக் குழாயில் உருகிய கொழுப்பை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றி, பனிக்கட்டியில் வைத்து உறைய விடுவோம். அப்புறம் அதை வெப்பமானியோடு ரப்பர் வளையத்தால் கட்டி நீருக்குள் இறக்கி, மெதுவாகச் சூடேற்றுவோம். ஒரு கட்டத்தில் கொழுப்பு சுவரை விட்டுவிட்டு விருட்டென மேலே ஏறும். அந்த வெப்பநிலைதான் கணக்கு. சட்டப்படி வனஸ்பதிக்கு அது 31-லிருந்து 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நாங்கள் 37-ஐக் குறிவைப்போம். ரிஃப்ராக்டோமீட்டர் வேறு விஷயம் சொல்லும்: ஹைட்ரஜன் நிரப்பாத இரட்டைப் பிணைப்புகள் எத்தனை மிச்சம் இருக்கின்றன, அதாவது அயோடின் மதிப்பு எவ்வளவு என்பதை. எங்கள் கலவையில் 37 டிகிரி வரும்போது அயோடின் மதிப்பு 70-ஐ ஒட்டி இருக்கும்.

அன்று கன்வெர்ட்டரில் சோயாவோடு ஐந்தில் ஒரு பங்கு ரேப்சீட் எண்ணெய். தொடக்க அயோடின் மதிப்பு 125. வினையூக்கி ஏற்கெனவே பல பேட்ச் ஓடிய நிக்கல். ஃபில்டர் பிரஸ்ஸிலிருந்து எடுத்ததோடு கொஞ்சம் புதியதும் சேர்த்திருந்தோம். 150 டிகிரியில் ஹைட்ரஜனைத் திறந்தோம்.

இந்த வினை தானே சூட்டை உண்டாக்கும். அயோடின் மதிப்பு ஓர் அலகு குறைந்தால் எண்ணெயின் சூடு ஏறத்தாழ 1.6 டிகிரி ஏறும். 55 அலகு இறங்க வேண்டுமென்றால், குளிர்விக்காமல் விட்டால் கிட்டத்தட்ட 90 டிகிரி ஏறிவிடும். அதனால் அரை மணி நேரத்துக்குள் குளிர்நீர் வால்வைத் திறந்தாக வேண்டும். அன்று முக்கால் மணி நேரம் ஆகியும் திறக்கவில்லை.

"சாப், இன்னிக்கு தண்ணியே கேக்கல" என்றார் ஆபரேட்டர். என்னைவிட இருபது வயது மூத்தவர்.

அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நான் சூட்டை 180-க்கு ஏற்றச் சொன்னேன். நேரத்தைப் பிடித்துவிடலாம் என்ற நினைப்பு. மாதிரி எடுத்தேன், ரிஃப்ராக்டோமீட்டர் கணக்குப்படி அயோடின் மதிப்பு 78. இன்னும் தூரம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே, பழக்கத்தில் ஸ்லிப் பாயிண்டும் வைத்தேன். 37-ல் ஏறிவிட்டது! பனிக்கட்டியில் சரியாக உறையவில்லையோ என்று வேறு குழாயில் மறுபடி பார்த்தேன். அதே 37. நிறுத்தச் சொன்னேன்.

இரட்டைப் பிணைப்புகள் போதிய அளவு நிரம்பாமலே கொழுப்பு கெட்டியாகிவிட்டது. எப்படி என்று விளங்க, நிக்கலின் மேற்பரப்பில் நடப்பதைப் பார்க்க வேண்டும். கொழுப்பு அமிலச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்பு நிக்கலில் வந்து ஒட்டும். முதலில் ஒரு ஹைட்ரஜன் அணு சேரும். இப்போது அது பாதி வழியில் நிற்கிறது. பிணைப்பு ஒற்றையாகிவிட்டதால் தாராளமாகச் சுழலலாம். இரண்டாவது அணு பக்கத்தில் இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் ஓர் அணுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி இரட்டைப் பிணைப்பாகிக் கழன்றுபோகும். போகும்போது பழைய வளைந்த சிஸ் வடிவத்துக்குத் திரும்ப வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. நிமிர்ந்த டிரான்ஸ் வடிவம் அதற்கு வசதி. பிணைப்பு ஒரு கார்பன் தள்ளியும் உட்காரலாம். அயோடின் மதிப்பில் இதனால் ஒரு மாற்றமும் இல்லை. உருகுநிலையில்தான் மாற்றம்: சிஸ் வடிவ ஒலெயிக் அமிலம் 13 டிகிரியை ஒட்டி உருகும், அதன் டிரான்ஸ் இரட்டையான எலெய்டிக் அமிலம் சுமார் 45 டிகிரி வரை கெட்டியாக நிற்கும். என் இரண்டு கருவிகளும் அன்று பிரிந்து பேசியது இதனால்தான்.

குற்றவாளி கந்தகம். கடுகு இனத்து எண்ணெய்களில் கந்தகச் சேர்மங்கள் இருக்கும். சரியாக நீக்காவிட்டால் நிக்கலில் ஒட்டிக்கொண்டு இறங்காது. எங்கள் பழைய நிக்கல் பல பேட்ச்களாக அதைச் சேர்த்து வைத்திருந்தது. கந்தகம் ஹைட்ரஜனுக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டால் நிரப்பும் வேலை மந்தமாகும். சுழன்று கழல்வது மட்டும் தொடரும். போதாததற்கு நான் சூட்டை வேறு ஏற்றினேன். சூடு ஏறினால் வினை இன்னும் வேகமாக ஹைட்ரஜன் கேட்கும். மேற்பரப்பு மேலும் வறளும்.

இதை விபத்து என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். நல்ல நாட்களிலும் நாங்கள் மேற்பரப்பை ஓரளவு பட்டினி போட்டுத்தான் ஓட்டினோம். காரணம், செலக்டிவிட்டி. லினோலெயிக் அமிலத்தின் இரண்டு பிணைப்புகளில் ஒன்றை நிரப்பிவிட்டு, ஒலெயிக்கைத் தொடாமல் விட வேண்டும். ஒலெயிக்கும் நிரம்பினால் ஸ்டியரிக். அது 69 டிகிரி வரை உருகாது, நாக்கில் மெழுகுபோல் படியும். ஹைட்ரஜன் பற்றாக்குறையில் நிக்கல் லினோலெயிக்கையே முதலில் பிடிக்கும். ஆக அதிக சூடு, குறைந்த அழுத்தம், மிதமான கலக்கல், தாராளமான நிக்கல். இந்த நான்கும் செலக்டிவிட்டியைக் கூட்டும். நான்குமே டிரான்ஸையும் கூட்டும். பகுதி ஹைட்ரஜனேற்றிய சோயாக் கொழுப்பில் டிரான்ஸ் 30, 40 சதவீதம் வருவது அந்தக் காலத்தில் வியப்பில்லை. வனஸ்பதிக்குக் கெட்டித்தன்மை கொடுத்ததில் பெரும்பங்கு அதற்குத்தான்.

அந்த பேட்ச்சை என்ன செய்தோம்? பாஸ் செய்தோம். உருகுநிலை சரி, நிக்கல் 1.5 பிபிஎம்முக்குள், 5 சதவீத நல்லெண்ணெயும் சேர்த்தாயிற்று. (நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் பௌடோயின் சோதனையில் சிவந்து காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அந்த நல்லெண்ணெய்.) டிரான்ஸுக்கு அப்போது வரம்பே கிடையாது, அளக்க எங்களிடம் கருவியும் இல்லை. டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லை இறக்குகிறது என்ற டச்சு ஆய்வு 1990-லேயே வந்துவிட்டது. எங்கள் லேபில் அதைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை, நானும்தான். பழைய நிக்கலை மட்டும் கழித்துவிட்டுப் புதியதைப் போட்டோம்.

பிற்பாடு வரம்பு வந்தது: முதலில் 10 சதவீதம், பிறகு 5, 2021-ல் 3, 2022-ல் 2. இடையில் வேறொரு ஆலையில் சூட்டை 110-க்கு இறக்கி, அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தோம். டிரான்ஸ் பாதிக்கும் கீழே வந்தது, இரண்டு சதவீதத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. ஸ்டியரிக் எகிறியது. அதில் பொரித்த பூரியைச் சாப்பிட்ட பேக்கரி மாஸ்டர், "மெழுகுவர்த்தியைத் தின்ன மாதிரி இருக்கு" என்றார். நிக்கலை வைத்துக்கொண்டு பாதியில் நிறுத்தும் வரை இந்த இழுபறி தீராது.

கடைசியில் பாதியில் நிறுத்துவதையே விட்டோம். இப்போது அயோடின் மதிப்பு 2-க்குக் கீழே போகும்வரை முழுக்க நிரப்புகிறார்கள். இரட்டைப் பிணைப்பே இல்லாதபோது டிரான்ஸ் எங்கிருந்து வரும்? அந்தக் கல் போன்ற செதிலைத் திரவ எண்ணெயோடு கலந்து, இன்டர்எஸ்டெரிஃபிகேஷனில் கொழுப்பு அமிலங்களை இடம் மாற்றி மென்மையாக்குகிறார்கள். பாக்கெட்டில் 'ஹைட்ரஜனேற்றிய' என்று கண்டதும் டிரான்ஸ் என்று முடிவுகட்டும் நண்பர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அந்த வேலையில் கெமிஸ்டுக்குப் பதற்றமில்லை. ரிஃப்ராக்டோமீட்டர் அசையாமல் நின்றுவிட்டால் முடிந்தது. செதிலுக்கு ஸ்லிப் பாயிண்ட் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் வாட்டர் பாத்தை எழுபது டிகிரி வரை ஏற்ற வேண்டியிருக்கும். குழாயை வெறுங்கையால் எடுத்து விரலைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் அது எனக்கு நினைவில் நின்றது.