லேபிலிருந்து ஸ்கேன் வேண்டாம், எண்கள் வேண்டும்: ஒரு கடிதம் பட்ட பாடு

பெங்களூரு அல்சூரில் சிறுநீரகமும் சர்க்கரை நோயும் பார்க்கும் ஒரு கிளினிக்கின் நிர்வாகம் என் பொறுப்பு. ரத்தம், சிறுநீர் மாதிரிகளை எடுப்பது நாங்கள், பரிசோதிப்பது வெளியே இருக்கும் ஒரு லேப். முடிவை அங்கே அச்சடித்து, டாக்டர் கையெழுத்துப் போட்டு, அதை ஸ்கேன் எடுத்து பிடிஎஃப்பாக வாட்ஸப்பில் அனுப்புவார்கள். எங்கள் ரிசப்ஷனில் இருக்கும் பெண் அதைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக எங்கள் மென்பொருளில் தட்ட வேண்டும். ஸ்கேன் மங்கலாக இருந்தால் 1.4-இல் இருக்கும் புள்ளியே கண்ணுக்குத் தெரியாது. "அக்கா, இது பதினாலா, ஒண்ணு புள்ளி நாலா?" என்று அவள் கேட்காத நாள் குறைவு. கிரியாட்டினின் 1.4 என்றால் கவனிக்க வேண்டிய நோயாளி, 14 என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய நோயாளி.

அந்த எண் லேபில் பிறக்கும்போதே கணினியில்தான் பிறக்கிறது. பரிசோதனைக் கருவி அதை நேராக லேப் மென்பொருளுக்கு அனுப்புகிறது. அங்கே சுத்தமாக இருக்கும் எண்ணைக் காகிதமாக்கி, காகிதத்தைப் படமாக்கி, படத்தைப் பார்த்து மறுபடி எண்ணாக்குகிறோம். நடுவில் இருக்கும் அத்தனை வேலையும் பிழைக்கு மட்டுமே வழி. அதனால் லேபுக்குக் கடிதம் எழுதினேன்: முடிவுகளைக் கணினி நேரடியாகப் படிக்கும் வடிவில் தாருங்கள்.

லேபின் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து பதில் வந்தது. "மேடம், நாங்க ஏற்கெனவே டிஜிட்டலாத்தானே அனுப்புறோம்? பிடிஎஃப் வருதில்ல?" ஸ்கேன் என்பது போட்டோ, அதில் கணினிக்குப் படிக்க எதுவும் இல்லை என்று விளக்கினேன். சரி, மேலே சொல்கிறோம் என்றார்கள். மேலே போனதோ இல்லையோ, எனக்கு எதுவும் வரவில்லை. நேரில் போனேன். மில்லர்ஸ் ரோடு நெரிசலில் பாதி நாள் போனது. கவுன்ட்டரில் இருந்தவர், மென்பொருள் கம்பெனி தனியாகக் காசு கேட்கும், அதை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை வாடிக்கையாளர் பிரிவுக்கோ மார்க்கெட்டிங் ஆளுக்கோ அனுப்பாதீர்கள். லேப்களின் தரத்துக்குத் தரப்படும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேப் என்றால் தர மேலாளர் என்று ஒருவர் பெரும்பாலும் இருப்பார். அவர் பெயருக்கு அனுப்புங்கள். அந்த அங்கீகாரத்துக்கு அடிப்படையான ஐ.எஸ்.ஓ. 15189 தரநிலையில் தகவல் மேலாண்மைக்கும் புகார்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. எழுத்தில் வந்த புகாரைப் பதிவு செய்து பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. புள்ளி மறைந்த இரண்டு ஸ்கேன்களை இணைத்து இரண்டாவது கடிதத்தை அவருக்கே அனுப்பினேன். அவரே போனில் கூப்பிட்டார்.

அடுத்து வந்ததுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். "ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் முறைப்படி தருகிறோம், ஃபயர் வடிவம்" என்று ஒரு மாதிரிக் கோப்பை அவர்களுடைய கணினிப் பிரிவு அனுப்பியது. ஃபயர் என்பது மருத்துவத் தகவல்களைக் கணினிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் ஒரு பொது வடிவம். கேட்டதை விட உயர்வான பொருள், மறுக்க முடியுமா? எங்கள் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி அதைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, உள்ளே அதே ஸ்கேன்தான் இருக்கு" என்றான். கோப்பில் `presentedForm` என்ற இடத்தில் `application/pdf` என்று போட்டு, பழைய பிடிஎஃப்பையே எழுத்துக் குவியலாக மாற்றி உள்ளே திணித்திருந்தார்கள். விதிப்படி அப்படிச் செய்ய இடம் உண்டு. ஆனால் அதில் ஒரு எண்கூட எண்ணாக இல்லை. உங்களுக்கும் இப்படி ஒரு கோப்பு வந்தால் ஒரே வேலை செய்யுங்கள்: அதைத் திறந்து `valueQuantity` என்று தேடுங்கள். பொட்டாசியம், கிரியாட்டினின் மாதிரி எண்ணாக வரும் முடிவுகள் அதன் கீழேதான் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் உறை மட்டும்தான் புதிது.

மூன்றாவது கடிதத்தில் "இந்த வடிவம்", "அந்தத் தரம்" என்ற பேச்சையே விட்டுவிட்டேன். எங்களுக்கு வேண்டிய பத்திகளை, அதாவது அட்டவணையின் நெடுவரிசைகளை, வரிசையாக எழுதி, நிரப்பிய ஒரு வரியையும் கீழே போட்டேன். உங்கள் மென்பொருளிலிருந்து இதே போல, காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பான ஒரு சிஎஸ்வி தினமும் வந்தால் போதும் என்றேன். மாதிரி வரி இதுதான்:

```
sample_id,patient_id,collected_at,code,test,value,unit,low,high,status
0047312,C01885,2025-03-04T07:40,2823-3,Potassium,4.4,mmol/L,3.5,5.1,F
```

இதில் நான் விட்டுக்கொடுக்காதது `code` பத்தி. அது லாயின்க் எண், ஒவ்வொரு பரிசோதனைக்கும் உலகம் முழுக்கப் பொதுவாக இருக்கும் அடையாள எண். மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளிலேயே லேப் பரிசோதனைகளுக்கு இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு அது ஏன் உயிர்நாடி என்றால், சிறுநீரில் ஆல்புமின் பார்க்கும்போது கூடவே சிறுநீர் கிரியாட்டினினும் பார்ப்பார்கள். அதே நாளில் ரத்தத்திலும் கிரியாட்டினின் பார்த்திருப்பார்கள். லேபின் பட்டியலில் இரண்டுக்கும் பெயர் வெறும் "கிரியாட்டினின்", அலகும் ஒன்றே. சிறுநீரில் 110 என்பது சாதாரணம். அது ரத்தக் கணக்கில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ரத்தத்துக்கு 2160-0, சிறுநீருக்கு 2161-8 என்று வந்துவிட்டால் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. லேபின் எல்லாப் பரிசோதனைகளுக்கும் வேண்டாம், நாங்கள் வழக்கமாக எழுதும் பரிசோதனைகளுக்கு மட்டும் போதும் என்று பட்டியலை நானே தயாரித்து இணைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் மறுக்கக் காரணம் தேடுவதை நிறுத்தினார்கள்.

மென்பொருள் கம்பெனிக்குத் தர வேண்டிய காசு என்று சொன்னார்களே, அதுவும் கரைந்துபோனது. மாதக் கணக்கு எடுப்பதற்காக முடிவுகளைக் கோப்பாக இறக்கும் வசதி அந்த மென்பொருளில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. தர மேலாளரே அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

கோப்பு வரத் தொடங்கியது. முதல் வாரமே சிறுநீர்ப் பரிசோதனையில் சீழ் செல்கள் என்ற இடத்தில் `02-Apr` என்று இருந்தது. இன்னொருவருக்கு `08-Oct`. மூன்றாமவருக்கு மட்டும் ஒழுங்காக 15-20. பிறகுதான் புரிந்தது. உண்மையான முடிவு 2-4, 8-10. லேபில் யாரோ நல்லெண்ணத்தோடு, அனுப்பும் முன் சரிபார்க்கலாம் என்று கோப்பை எக்செலில் திறந்து சேமித்திருக்கிறார்கள். எக்செல் அதைத் தேதி என்று நினைத்து மாற்றிவிட்டது. 15-20 எந்தத் தேதியாகவும் ஆகாது என்பதால் தப்பித்தது. மாதிரி எண்ணின் முன்னால் இருந்த பூஜ்யங்களும் போயிருந்தன, 0047312 வெறும் 47312 ஆகியிருந்தது. எண்ணின் நீளம் குறைந்திருந்தால் கோப்பு எக்செல் வழியாக வந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். மனிதர் கை படாமல் மென்பொருளிலிருந்து நேராக எங்கள் பாதுகாப்பான கோப்புறைக்கு வர வேண்டும், யாரும் நடுவில் திறக்கக் கூடாது என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்தோம். எங்கள் பக்கமும் அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறப்பதைத் தடை செய்தேன்.

இனி எல்லாம் சரி, ஸ்கேனை நிறுத்திவிடலாமா என்று லேபில் கேட்டார்கள். கொஞ்ச நாள் இரண்டும் வரட்டும் என்றார் எங்கள் டாக்டர். அவர் சொன்னது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் 6.1 என்று கோப்பில் வந்தது. நீண்ட நாளாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த மாத்திரை பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. திரையில் சிவப்பாகத் தெரிந்ததும் மாத்திரையை நிறுத்தச் சொல்லிக் கூப்பிடத் தயாரானோம். டாக்டர் ஸ்கேனை எடுக்கச் சொன்னார். அறிக்கையின் அடியில், கையெழுத்துக்கு மேலே, சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: மாதிரியில் ரத்த அணுக்கள் சிதைந்துள்ளன, மறுபடி மாதிரி அனுப்பவும். சிவப்பணு உடைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி எண் பொய்யாக ஏறிவிடும். நேராக உடலில் ஏறியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாக மாதிரி எடுத்து அன்றே பார்த்ததில் 4.7.

ஸ்கேனில் இருந்த அந்தக் குறிப்பு கோப்பில் எங்கேயும் இல்லை. ஏனென்றால் நான் கேட்ட பத்திகளில் குறிப்புக்கு இடம் இல்லை, கணக்குக்காக இறக்கும் கோப்பில் அவர்களும் அதை வைக்கவில்லை. எண் மட்டும் வரும் கோப்பு, இந்த ஒரு விஷயத்தில் ஸ்கேனை விட ஆபத்தானது. நான்காவது கடிதம் முழுக்க இதைப் பற்றித்தான். இப்போது `comment` என்று ஒரு பத்தி வருகிறது. அதில் ஏதாவது இருந்தால் அந்த முடிவு டாக்டர் பார்வைக்குப் போகாமல் பதிவாகாது. `status` பத்தியில் இறுதி முடிவுக்கு F, திருத்திய முடிவுக்கு C என்று கருவிகள் பேசும் ஹெச்எல்7 முறையிலேயே போடச் சொல்லியிருந்தேன். C வந்தால் பழைய எண்ணின் மேல் கோடு விழுந்து புதியது ஏறுகிறது, பழையது அழிவதில்லை.

கையெழுத்திட்ட பிடிஎஃப்பை நிறுத்தச் சொல்லவில்லை. சட்டப்படி அறிக்கை அதுதான், நோயாளி கையில் போக வேண்டியதும் அதுதான். கல்ச்சர் அறிக்கைகளையும் பயாப்சி அறிக்கைகளையும் இந்தக் கடிதத்தில் சேர்க்கவே இல்லை. அவை நீண்ட எழுத்து விளக்கமாக வருபவை, அவற்றை எண்களின் கோப்பில் அடைக்கப் போனால் மீதியும் நின்றுவிடும் என்று தர மேலாளர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஹார்மோன் பரிசோதனைக்கு வேறொரு லேப் வைத்திருக்கிறோம். அவர்களுக்கு இந்த வாரம் அனுப்பிய கடிதத்தில் முதல் பக்கத்திலேயே நிரப்பிய மாதிரி வரி இருக்கிறது, `comment` பத்தியோடு.