குடோனில் தேடிய நேரத்துக்கு ஒரு கணக்கு

மன்னார்குடிப் பக்கம் பைப், மோட்டார் சாமான் விற்கும் கடை ஒன்றில் மேனேஜராக இருக்கிறேன். கடை முன்பக்கம் 12 அடி அகலம்தான். உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். பழைய காலத்து ஓட்டு வீடு. ரேழி, கூடம், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், பின்கட்டு, மேலே மச்சு எல்லாம் இப்போது குடோன். சரக்கு சாக்கிலும் அட்டைப்பெட்டியிலும் வந்தபடியே கிடக்கும். எது எங்கே என்பது மாமாவுக்குத் தெரியும். மாமா என்றால் என் மாமா இல்லை. முப்பது வருடமாகக் கடையில் இருப்பவர், எல்லோருக்கும் மாமா.

ரேக் போட்டு லேபிள் ஒட்டலாம் என்று முதலாளியிடம் மூன்று தடவை வாயால் சொல்லியிருக்கிறேன். மூன்று தடவையும் "பார்க்கலாம் தம்பி" என்றார். நேரம் வீணாகிறது என்று சும்மா சொன்னால் யாரும் பணம் எடுத்துத் தர மாட்டார்கள், எவ்வளவு என்று சொல்ல வேண்டும் என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் கட்டினேன்.

பையன் குடோனுக்குள் போகும்போது மணி, திரும்பி வரும்போது மணி, என்ன சாமான், கிடைத்ததா இல்லையா. இவ்வளவுதான் எழுதினேன். யார் போனார்கள் என்று எழுதவில்லை. முதல் நாள் எழுதினேன். பையன்கள் ஓட்டமாக ஓடினார்கள், சம்பளத்தில் பிடிப்பேன் என்று பயம். அந்த நாள் கணக்கைக் கிழித்துவிட்டு, பெயர் போடும் கட்டமே இல்லாமல் மறுநாள் புதிதாக ஆரம்பித்தேன்.

எந்த மாதத்தில் எழுதுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. பங்குனியில் எழுதினால் ஈ ஓட்டுகிற கணக்குதான் வரும். ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டி எங்கள் பக்கம் குறுவை வேலை சூடு பிடிக்கும். ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வரும்வரை நாற்றங்காலுக்கு போர் மோட்டாரைத்தான் நம்ப வேண்டும். ஃபுட் வால்வு போச்சு, பைப் வெடிச்சுப்போச்சு என்று காலை ஆறரைக்கே வந்து நிற்பார்கள். அந்த ஜூன் மாதத்தில் 12 நாள் எழுதினேன்.

மொத்தம் 486 தடவை உள்ளே போயிருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் 40 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. சராசரி ஐந்து நிமிடம். ஆனால் ஐந்து நிமிடமும் தேடல் இல்லையே, நடக்கவும் வேண்டுமே. டெஃப்லான் டேப் எப்போதும் கூடத்துத் தூணில் தொங்கும், யாரும் தேட வேண்டியதில்லை. அதை எடுத்து வர எவ்வளவு ஆகிறது என்று பார்த்தேன். ஒன்றரை நிமிடம். எல்லாம் இடத்தில் இருந்தாலும் அந்த ஒன்றரை நிமிடம் போகத்தான் செய்யும். அதைக் கழித்தால் 12 நாளில் 28 மணி நேரம், ஒரு நாளைக்கு இரண்டே கால் மணிக்கு மேல் வெறும் தேடல்.

இதை வைத்து முதல் கடிதத்தை எழுதினேன். பையனுக்கு நாள் சம்பளம் 600, பத்து மணி நேர வேலை. தேடலுக்குப் போகும் சம்பளம் நாளுக்கு 140, மாதம் 26 நாளுக்கு 3,640 ரூபாய். ரேக், டப்பா, லேபிள் எல்லாம் சேர்த்து 63,000. பதினேழு பதினெட்டு மாதத்தில் முதல் வந்துவிடும். அழகாகக் கோடு போட்டு, கூட்டல் போட்டுக் கொடுத்தேன்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். "இந்த 3,640 என் கையில எப்ப வரும்? ஒரு பையனை நிறுத்திடலாமா?" என்றார். நிறுத்த முடியாது, லாரி வந்தால் இறக்க ஆள் வேண்டும். "அப்ப சம்பளம் அதேதான். ரேக் செலவு மட்டும் புதுசு" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கோபம் வந்தது. ராத்திரி யோசித்தால் அவர் சொன்னது சரி. மிச்சமாகிற நேரம் தானாகக் காசாகாது. யாருடைய சம்பளமும் குறையப்போவதில்லை. காசு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் என்றால் 'கிடைக்கவில்லை' என்று எழுதிய வரிகளைப் பார்க்க வேண்டும்.

அப்படி 31 வரி இருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, கடை மூடிய பிறகு மாமாவோடு குடோனுக்குள் போனேன். 12 சாமான் நிஜமாகவே தீர்ந்திருந்தது. மீதி 19 உள்ளேயே இருந்தது. இருந்தும் இல்லை என்று சொல்லியிருக்கிறோம்! அதில் எட்டுப் பேருக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்து ஆளைப் பிடித்து வைத்தோம். 11 பேர் போய்விட்டார்கள். அவர்கள் கேட்ட சாமானின் விலை 8,200 ரூபாய். இதை அப்படியே நஷ்டம் என்று எழுதினால் முதலாளி மறுபடியும் கண்ணாடியைப் போடுவார். எங்களுக்கு நிற்கும் லாபத்தை வைத்துப் பார்த்தால் சுமார் 1,400. சீசன் வேகத்திலேயே மாதம் முழுக்கப் போனால் 3,000. சின்னத் தொகைதான். ஆனால் கைக்கு வந்து திரும்பிப் போன காசு.

அன்று ராத்திரி மச்சில் ஒரு சாக்கு அகப்பட்டது. 3 இஞ்ச் ஃபுட் வால்வு 14. அதே சாமான் இல்லை என்று மே மாதம்தான் 10 வாங்கியிருந்தோம். அதன் பின்னால் ஒரு பெட்டியில் பைப் கம், 22 டப்பா. மூடியைத் திறந்து சாய்த்தால் ஊற்றவில்லை, உள்ளே ஜெல்லி மாதிரி நடுங்கியது. அது திரும்ப இளகாது, தூக்கித்தான் போட வேண்டும். ஒரு ஃபுட் வால்வையும் ஒரு கம் டப்பாவையும் எடுத்து என் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் நோட்டிலேயே இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. 12 நாளில் இரண்டு நாள் மாமா லீவு, பேத்திக்குக் காதுகுத்து. அந்த இரண்டு நாளும் சராசரி ஐந்திலிருந்து எட்டு நிமிடத்துக்கு ஏறியிருந்தது. 31-இல் ஒன்பது 'கிடைக்கவில்லை' அந்த இரண்டு நாளில் வந்தவை.

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். சம்பளக் கணக்கை எடுத்துவிட்டேன். எழுதியது கிட்டத்தட்ட இதுதான்:

"குடோனில் இருந்தும் எடுத்துத் தர முடியாமல் 12 நாளில் 11 வாடிக்கையாளர் திரும்பிப் போனார்கள். இருப்பது தெரியாமல் மறுபடி வாங்கியதில் முடங்கிய பணம் சுமார் 34,000. சரக்கு விற்றுவிடும், ஆனால் பணம் தூங்குகிறது. கெட்டுப்போனது சுமார் 6,500. இது போனது போனதுதான். மாமா வராத நாளில் தேடல் ஐந்திலிருந்து எட்டு நிமிடம். முதலில் மூன்று ரேக் மட்டும் கேட்கிறேன், டப்பாவோடு 16,000. மறுபடி 12 நாள் எழுதிக் காட்டுகிறேன். குறையவில்லை என்றால் மீதி வேண்டாம்."

கடிதத்தை மேஜையில் வைத்து, அதன் மேல் அந்தக் கம் டப்பாவை வைத்தேன். அவர் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். மாமா பற்றிய வரியில் கொஞ்ச நேரம் நின்றார். "ஆடியில் புதுச் செலவு வேண்டாம், ஆவணி பிறக்கட்டும்" என்றார்.

மூன்று ரேக்கில் என்ன வைப்பது என்பதற்கும் நோட்டுதான் வழி காட்டியது. எங்களிடம் ஆயிரத்துக்கும் மேல் அயிட்டம் இருக்கிறது. ஆனால் 486 தடவையில் பாதிக்கு மேல் வெறும் 64 சாமானுக்காகத்தான். அந்த 64 மட்டும் ரேக்கில்.

ஆங்கிள் ரேக், 7 அடி உயரம், 3 அடி அகலம், 15 இஞ்ச் ஆழம். ஆழம் அதற்கு மேல் போனால் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று போய் மறுபடி தேடல்தான். அடித்தட்டைத் தரையிலிருந்து 9 இஞ்ச் தூக்கிப் பூட்டச் சொன்னேன். ஐப்பசி கார்த்திகையில் முற்றத்துத் தண்ணீர் தாழ்வாரத்துக்கு ஏறும். இரும்பு வால்வு எல்லாம் அடித்தட்டில், லேசான பிளாஸ்டிக் சாமான் மேலே. சுவரில் போல்ட் அடித்து ரேக்கை நிறுத்தலாம் என்று ஃபிட்டர் துளை போட்டார்; சுண்ணாம்புச் சுவர், பொலபொலவென்று கொட்டியது. அப்புறம் இரண்டு ரேக்கை முதுகோடு முதுகு சேர்த்துப் பூட்டி, மூன்றாவதை அவற்றின் பக்கவாட்டோடு இணைத்து, பின்பக்கம் குறுக்குப் பட்டை போட்டோம். ஆட்டம் நின்றது.

லேபிளில்தான் அதிகம் தடுமாறினேன். "2 இஞ்ச் எல்போ" என்று ஒரு லேபிள் எழுதினால் தப்பு. வயலுக்குப் போகும் சாம்பல் நிறப் பைப்பில் 2 இஞ்ச் என்றால் வெளி விட்டம் 63 மில்லிமீட்டர். வீட்டு மாடித் தொட்டிக்குப் போகும் வெள்ளைப் பைப்பில் 2 இஞ்ச் என்றால் 60.3. வெள்ளை எல்போவில் சாம்பல் பைப் ஏறாது; சாம்பல் எல்போவில் வெள்ளைப் பைப் லொடலொடவென்று ஆடும், கம் எவ்வளவு ஊற்றினாலும் ஒழுகும். திரும்பி வரும் சாமானில் பாதி இந்தக் குழப்பத்தால்தான். அதனால் "வயல் 2 இஞ்ச் - 63" சாம்பல் அட்டையில், "வீடு 2 இஞ்ச்" வெள்ளை அட்டையில். பில்லில் என்ன பெயர் இருந்தாலும் லேபிளில் கேட்கிறவர் வாயில் வரும் பெயர்.

ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு எண்ணும் உண்டு. 3-2-5 என்றால் மூன்றாவது ரேக், கீழிருந்து இரண்டாவது தட்டு, இடப்பக்கமிருந்து ஐந்தாவது டப்பா. தட்டைக் கீழிருந்து எண்ணுவது எதற்கு என்றால், நாளைக்கு மேலே ஒரு தட்டு கூட்டினால் பழைய எண் மாறாது. முதலில் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து செலோ டேப் ஒட்டினேன். ஒரு மழைக்கே ஓரம் சுருண்டு விழுந்தது. இப்போது தடித்த அட்டை, பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, உறையை டப்பாவில் கம்பியால் கட்டியிருக்கிறது. எங்களிடம் பீகார் பையன் ஒருவன் இருக்கிறான், தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. அவனுக்காக ஒவ்வொரு டப்பாவின் முகப்பிலும் அந்தச் சாமானில் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டோம். மற்றவர்களும் இப்போது அட்டையைப் படிப்பதில்லை, தொங்குவதைத்தான் பார்க்கிறார்கள்.

புரட்டாசியில் மறுபடி 12 நாள் எழுதினேன். கூட்டம் குறைவான மாதம், மொத்த மணி நேரத்தைப் பழையதோடு ஒப்பிட்டால் ஏமாற்றுக் கணக்கு. ஒரு தடவைக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்தேன். அந்த 64 சாமானுக்கு ஐந்து நிமிடமாக இருந்தது இரண்டாகியிருந்தது. ஒன்றரை நடைக்கே போகிறது, இதற்குக் கீழே போகாது. ரேக்கில் ஏறாத மற்ற சாமானுக்கு அதே ஐந்து.

நடுவில் மூன்று நாள் மட்டும் 'கிடைக்கவில்லை' எண்ணிக்கை ஏறியிருந்தது. பார்த்தால், லாரியில் வந்த பெட்டிகளை ரேக்குக்கு முன்னாலேயே அடுக்கிவிட்டார்கள். டப்பா காலி, சரக்கு அதன் காலடியிலேயே கிடக்கிறது, பையன் இல்லை என்று திரும்பி வருகிறான். இப்போது பெட்டியைப் பிரித்து டப்பாவில் கொட்டி, ரேக் எண்ணைச் சரக்குச் சீட்டில் எழுதிக் கொண்டு வந்தால்தான் நான் கணக்கில் ஏற்றுவேன். அதற்கு மாமாதான் காவல்.

தீபாவளி கழிந்து மீதி ரேக்குக்கு முதலாளி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். 20 அடிப் பைப் மட்டும் இன்னும் தாழ்வாரத்தில் குவியலாகத்தான் கிடக்கிறது. மச்சுக்குப் போகும் படிக்கட்டுக்குக் கீழே மாமாவின் சாக்கு ஒன்று இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "அது இருக்கட்டும் தம்பி, அது எனக்குத் தெரியும்" என்கிறார்.