கூட்டுப் பெயரில் உள்ள ஓசூர் வீட்டின் வாடகையையும் வட்டியையும் பங்குப்படி பிரித்துக் காட்டிய அனுபவம்

ஓசூரில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. நானும் என் மனைவியும் சேர்ந்து வாங்கியது. பத்திரத்தில் எனக்கு 60 பங்கும் அவருக்கு 40 பங்கும் என்று எழுதியிருக்கிறது. வங்கிக் கடனிலும் இருவரும் கடன்தாரர்களே. என் மனைவி கிருஷ்ணகிரியில் அரசுப் பள்ளி ஆசிரியை, நான் தனியார் நிறுவன ஊழியன். குடியிருப்பது கிருஷ்ணகிரியில் என்பதால் ஓசூர் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். 2024-25 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கில் இந்த வாடகையையும் வட்டியையும் எப்படிக் காட்டினோம் என்பதை, இதே நிலையில் இருக்கும் தம்பதிகளுக்குப் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன்.

முதல் சிக்கல், கணக்கு எழுதித் தருபவர் சொன்ன யோசனையில் தொடங்கியது. என் மனைவி பழைய வரிமுறையில் இருக்கிறார். நான் புதிய வரிமுறைக்கு மாறிவிட்டேன். புதிய முறையில், வாடகை வருமானத்தைவிட வட்டி கூடுவதால் வரும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிக்கலாம். ஆகவே "வட்டி முழுவதையும் மேடம் பெயரிலேயே போட்டுவிடலாம் சார், வாடகையை மட்டும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்" என்றார். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிதியாண்டுக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, கூட்டு உரிமையாளர்களின் பங்கு திட்டவட்டமாகத் தெரிந்திருந்தால் அவரவர் பங்கு வருமானத்தை அவரவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்கிறது. வருமானம் 60-40 என்று பிரியும்போது, அந்த வருமானத்தை ஈட்டித் தரும் வீட்டுக்காக இருவரும் சேர்ந்து வாங்கிய கடனின் வட்டி மட்டும் 0-100 என்று பிரிவதற்கு நியாயம் எதுவும் இல்லை. யார் எந்த வரிமுறையில் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பங்கு நகராது.

பத்திரத்தில் பங்கு எழுதப்படாமல் இரண்டு பெயர்கள் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று உடன் பணிபுரியும் ஒருவர் கேட்டார். சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது: தனித்தனிப் பணத்தில் வாங்கியிருந்தால், மாறான ஒப்பந்தம் எதுவும் இல்லாதவரை அவரவர் போட்ட பணத்தின் விகிதமே பங்கு, யார் எவ்வளவு போட்டார் என்பதற்குச் சான்று இல்லையென்றால் சம பங்கு என்று கொள்ளப்படும். எனவே முன்பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது என்பதற்கான வங்கிப் பதிவுகளைப் பத்திரத்தோடு சேர்த்தே வைத்திருப்பது நல்லது. மனைவியின் பங்குக்கான பணம் அவருடையதாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கணவர் கொடுத்த பணத்தில் மனைவி பெயரில் பங்கு வாங்கினால், அந்தப் பங்கின் வாடகை அதே வருமான வரிச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி கணவரின் வருமானத்தோடு சேர்ந்துவிடும். என் மனைவி தன் சம்பளச் சேமிப்பையும் நகை விற்ற பணத்தையும் போட்டிருந்ததால் எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனிக் கணக்குக்கு வருகிறேன். மாத வாடகை 20,000 ரூபாய், ஆண்டுக்கு 2,40,000. மாநகராட்சிக்கு நாங்கள் கட்டிய வீட்டுவரி 6,000. (வரி, உரிமையாளர் அந்த ஆண்டிலேயே கட்டியதாக இருந்தால்தான் கழியும், குடியிருப்பவர் கட்டினால் கழியாது.) மீதி 2,34,000. இதில் என் 60 பங்கு 1,40,400. மனைவியின் 40 பங்கு 93,600. பராமரிப்புக்கு உண்மையில் எவ்வளவு செலவானாலும், அவரவர் பங்கில் 30 சதவீதத்தைச் சட்டமே கழித்துத் தருகிறது. அதன்பின் எனக்கு 98,280, அவருக்கு 65,520. வங்கி கொடுத்த சான்றிதழில் அந்த ஆண்டுக்கான வட்டி 2,80,000. அந்தச் சான்றிதழ் இருவர் பெயரிலும் மொத்தத் தொகையைத்தான் காட்டும், பிரித்துத் தராது. பிரிக்க வேண்டியது நாம்தான்: எனக்கு 1,68,000, அவருக்கு 1,12,000. ஆக என் பக்கம் 69,720 நட்டம், அவர் பக்கம் 46,480 நட்டம்.

அவருடைய 46,480 ரூபாய் அவர் சம்பளத்தில் கழிந்தது. என் பக்கம், வாடகை வருமானமாக நின்ற 98,280 ரூபாயை வட்டி சரிக்கட்டிவிட்டதால் அதற்கு வரி இல்லை. மிஞ்சிய 69,720 ரூபாய் என் சம்பளத்தின் அருகே வரவில்லை. இதைப் பார்த்து மனம் கொஞ்சம் சலிக்கத்தான் செய்தது.

இரண்டாவது சிக்கல் படிவத்தில் இருந்தது. இங்கேதான் பலருக்கும் கணக்கு குழம்புகிறது என்று நினைக்கிறேன். நாங்கள் இருவரும் ITR-2 படிவத்தைத் தேர்ந்தெடுத்தோம். அதன் Schedule HP பகுதியில், வீடு கூட்டுச் சொத்தா என்ற கேள்வியும், நம் பங்கின் சதவீதமும், இணை உரிமையாளரின் பெயர், பான் எண், அவருடைய பங்கு ஆகியவையும் கேட்கப்படுகின்றன. அந்தப் பகுதியில் வாடகையையும் வீட்டுவரியையும் முழு வீட்டுக்கும் சேர்த்து எழுத வேண்டும்; நம் சதவீதத்தால் பெருக்கி நம் பங்கைப் படிவமே எடுத்துக்கொள்ளும். ஆனால் வட்டிக்கான இடத்தில் அந்தப் பெருக்கல் நடப்பதில்லை. அங்கே நம் பங்கு வட்டியை மட்டுமே எழுத வேண்டும். கணக்கு எழுதித் தருபவர் முதலில் காட்டிய நகலில் என் வாடகையாக 1,44,000 என்று, அதாவது ஏற்கெனவே 60 சதவீதமாக்கிய தொகை, எழுதப்பட்டிருந்தது. படிவம் அதையும் 60 சதவீதமாக்கியபோது வீட்டுவரி கழிப்பதற்கு முன்பே அது 86,400 ஆகியிருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: கணவன், மனைவி இருவரின் படிவங்களையும் பக்கத்தில் வைத்து, அவரவர் பங்காகக் காட்டப்படும் ஆண்டு மதிப்புகளைக் கூட்டினால் 2,34,000 வர வேண்டும், வட்டிகளைக் கூட்டினால் வங்கிச் சான்றிதழின் 2,80,000 வர வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் எங்கோ பிழை இருக்கிறது.

தவணை முழுவதும் என் கணக்கிலிருந்தே பிடிக்கப்பட்டால், என் மனைவி 40 பங்கு வட்டி கட்டினார் என்பதற்கு ஆதாரம் எங்கே என்ற கேள்வி வரும். அதனால் தவணைக்கென்று ஒரு கூட்டுக் கணக்கு வைத்து, மாதந்தோறும் சம்பளம் வந்ததும் அவர் 40 பங்கும் நான் 60 பங்கும் அதில் போடுகிறோம். வாடகையும் அதே கணக்குக்கு வருகிறது. வாடகை ஒப்பந்தத்தில் வீட்டு உரிமையாளர்களாக இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். வாடகை ஒருவர் கணக்கில் வந்தாலும் அதனால் வருமானம் முழுவதும் அவருடையதாகிவிடாது. ஆனாலும் அதை விளக்கிக்கொண்டிருப்பதைவிட, கணக்கிலேயே தெரியும்படி வைத்திருப்பது நிம்மதி.

மனைவியின் பள்ளியில் சம்பளத்திலிருந்து வரி பிடிக்கும்போதே இந்த நட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள, வட்டிச் சான்றிதழ் நகலோடு பங்குப்படி பிரித்த கணக்கை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். அலுவலகத்தில் அது ஏற்கப்பட்டது. பழைய வரிமுறையில் இருக்கும் சம்பளக்காரர் கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அந்த முறை கிடைக்கும் என்பதால் அவருடையதை முதலில் முடித்துவிட்டோம்.

இந்த வாடகை நிலையாக இருந்தால், 2,34,000 ரூபாயில் 30 சதவீதம் கழிந்து நிற்கும் 1,63,800 ரூபாய்க்குக் கீழே ஆண்டு வட்டி இறங்கும் ஆண்டில், பங்கு எதுவாக இருந்தாலும் இருவருக்கும் ஒரே நேரத்தில் வரி விதிக்கத்தக்க வாடகை வருமானம் தொடங்கும். அதுவரை எனக்கு வாடகைக்கு வரி இல்லை, அவருக்குச் சம்பளத்திலும் கொஞ்சம் கழியும்.