மிச்சமும் பாக்கியும்

இன்று ஏழாம் வகுப்பு நோட்டு திருத்தும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு பையன் எழுதியிருந்தான்: "எங்கள் அப்பா சிக்கனமானவர். மாதம் 1000 ரூபாய் பாக்கி வைப்பார்."

தப்பு என்னுடையதுதான். மீதி, மிச்சம், பாக்கி மூன்றும் ஒரே பொருள் என்று நான்தான் பலகையில் எழுதிப் போட்டேன். கடையில் சில்லறை கேட்கும்போது மூன்றுமே செல்லும். ஆனால் பக்கத்தில் வினை வந்தால் பிரிந்துவிடும். பணத்தை 'மிச்சம் பிடித்தார்' என்றால் சேமிப்பு. 'மீதி பிடித்தார்' என்று யாரும் சொல்வதில்லை. 'வை' சேர்ந்தால், தட்டில் சோறு மிச்சம், மளிகைக்கடையில் பணம் பாக்கி. பாவம், சிக்கனக்காரரைக் கடன்காரராக்கிவிட்டான்.

அப்புறம் எதிர்ச்சொல் கேட்டுப் பார்த்தேன். 'பத்து ரூபாய் மிச்சம்' என்றதற்கு ஒரு பெண் "பத்து ரூபாய் குறையுது" என்றாள். சரி. 'பத்து ரூபாய் பாக்கி' என்றதற்குக் கடைசி பெஞ்சிலிருந்து பதில்: "கணக்கு தீர்ந்தது சார்!" எதிர்ச்சொல் வேறு வேறாக வந்ததும், பையனே நோட்டைக் கேட்டு வாங்கி 'பாக்கி வைப்பார்' என்பதை அடித்து, 'மிச்சம் பிடிப்பார்' என்று எழுதினான்.

நாளை பலகையில் வெறும் சொல் கிடையாது, வினையோடுதான் எழுதப்போகிறேன்.